அடித்த பக்கத்துக்கு ஓர் அம்பு

வீட்டில் எனக்கு வக்கீல் என்று பெயர். நான் கோர்ட்டுப் படி மிதித்தவள் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள், அவ்வளவுதான். ஆனால் யாராவது தப்பாக ஒன்று சொன்னால் எனக்கு நாக்கு சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில் கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம் வாசலிலேயே அரை மணி நேரம் நியாயம் பேசினேன். அன்றைக்கு என் வீட்டுக்காரர் வைத்த பெயர் இது. அவர் லிஃப்ட் மெக்கானிக்; மேலே போனால் கீழே வரும் என்கிற ஒரே தத்துவத்தில் நிம்மதியாக வாழ்கிறவர். என் தங்கை அந்தப் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இந்த நாக்குதான் என் டிகிரியைத் தின்றது. மற்ற எல்லாப் பேப்பரும் எழுதி முடித்து, டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்கிற ஒரே ஒரு பேப்பர் மட்டும் அரியராக நின்றுவிட்டது. தகவலைக் கம்ப்யூட்டரின் மெமரியில் எப்படி அடுக்கி வைப்பது என்கிற பாடம். எனக்குப் பிடித்த பாடமும் அதுதான், அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல? போன தடவை ஒரு கேள்வியே தப்பு என்று ஒரு முழுப் பக்கம் வாதாடி எழுதிவிட்டு வந்தேன். கடைசியில் கேள்வி சரி, நான்தான் தப்பு. பூஜ்ஜியத்திலிருந்து எண்ண வேண்டியதை ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறேன். மூன்று மார்க்கில் போயிற்று. அந்த அவமானம் இன்னும் என் காதில் சூடாக இருக்கிறது.

இந்தத் தடவை விளையாட்டில்லை. பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசிப் பரீட்சை என்று பல்கலைக்கழகம் அறிவித்துவிட்டது. இதில் போனால் அத்தனை வருஷப் படிப்பும் செல்லாது. வேண்டுமானால் முதல் வருஷத்திலிருந்து மறுபடி சேரலாம். பள்ளிக்கூடத்திலும் தலைமை ஆசிரியை கூப்பிட்டு உட்கார வைத்து, தன்மையாகவே சொல்லிவிட்டார். சான்றிதழ் இல்லாதவர்களை இனிமேல் வைத்துக்கொள்ள முடியாதாம், கல்வியாண்டு முடிவதற்குள் கொண்டுவந்து காட்டு என்றார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். தன்மையாகச் சொன்னதால் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

தங்கை சாஃப்ட்வேர் டெஸ்டர். தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் போனில் என்னைக் கேள்வி கேட்பாள். பாடத்தைவிட அவள் அதிகம் சொல்லிக்கொடுத்தது பணிவை. பரீட்சைக்குக் கிளம்பும்போதுகூட அதையே சொன்னாள்.

"அக்கா, கேட்டத மட்டும் எழுது. கேள்வித்தாள்கிட்ட சண்டைக்குப் போகாத. நீ புத்திசாலின்னு அங்க யாருக்கும் நிரூபிக்க வேண்டாம், பாஸ் பண்ணா போதும்."

சரி என்று சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டார். ஏதோ சொல்ல வந்தவர், சொல்லாமல் என் ஹால் டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, போட்டோவில் மூஞ்சி நல்லா இருக்கு என்றார். பாவம், அவருக்கும் பயம்.

பரீட்சை ஹால் பெரியது. மேசைகள் எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு. அத்தனை மேசைகளுக்கும் மொத்தம் ஏழு பேர் வந்திருந்தோம். பழைய பாடத்திட்டத்தின் கடைசி மிச்சங்கள் நாங்கள். இங்கே ஒருத்தர், அங்கே ஒருத்தர் என்று மூலைக்கு மூலை உட்கார வைத்திருந்தார்கள். என் முன்னால் வழுக்கை விழுந்த ஒருவர். அவர் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கண்காணிப்பாளர் நடுத்தர வயசுக்காரர். அவருடைய ஷூ நடக்கும்போதெல்லாம் கீச்சென்றது. மேசை மேல் ஹால் முழுவதற்கும் அச்சடித்த பெரிய இருக்கைத் தாள் கிடந்தது. அதைத் தொடாமல், சின்னத் துண்டுத்தாள் ஒன்றை எடுத்து, எங்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று ஏதோ குறித்துக்கொண்டு போனார். அப்போது அதை நான் கவனித்ததாகக்கூட நினைக்கவில்லை.

மற்ற கேள்விகளை ஓரளவு ஒப்பேற்றினேன். நான் மனக்கணக்குப் போட்டுப் பார்த்ததில், அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு கரையேற முடியாது. கடைசியில் கட்டாயக் கேள்வி ஒன்று, இருபது மார்க்குக்கு. அதுதான் என் தலையெழுத்து.

கேள்வியைப் படித்ததும் உள்ளுக்குள் குதித்தேன். எனக்குத் தெரிந்த பகுதி. பெரும்பாலும் பூஜ்ஜியங்களாக இருக்கும் எண் கட்டம், அதாவது ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ். அதை முழுக் கட்டமாக மெமரியில் வைத்தால் பூஜ்ஜியங்களுக்கும் இடம் போகும். அதற்குப் பதிலாகப் பூஜ்ஜியம் இல்லாத எண்களுக்கு மட்டும் ஆளுக்கொரு பெட்டி போட்டு வைக்கலாம். பெட்டிக்கு நோட் என்று பெயர். ஒவ்வொரு நோட்டிலும் ஐந்து அறை: எந்த வரிசை, மேலிருந்து கீழாக எந்தப் பத்தி, என்ன எண், அதே வரிசையில் வலப்பக்கம் அடுத்த நோட் எங்கே, அதே பத்தியில் கீழே அடுத்த நோட் எங்கே. இந்தக் கடைசி இரண்டும் முகவரிகள், பாயிண்டர்கள். படத்தில் அம்புக்குறியாகப் போடுவோம். வரிசை ஒவ்வொன்றுக்கும், பத்தி ஒவ்வொன்றுக்கும் தலைமாட்டில் ஒரு பாயிண்டர் நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் வரிசையாகவும் போகலாம், பத்தியாகவும் இறங்கலாம். ஒரே பெட்டி இரண்டு சங்கிலியிலும் கோத்திருக்கும்.

எட்டுக்கு எட்டு மேட்ரிக்ஸ் கொடுத்திருந்தார்கள். அதில் பூஜ்ஜியம் அல்லாத எண்கள் இருபது. (அ) வரிசை, பத்திப் பட்டியல்களுடன் படம் வரைக. (ஆ) ஓர் உறுப்பை நீக்குவது எப்படி என விளக்குக. (இ) எண்ணுக்கும் முகவரிக்கும் தலா நான்கு பைட் எனக் கொண்டு, இம்முறையால் மெமரி எவ்வளவு மிச்சமாகிறது எனக் கணக்கிட்டுக் காட்டுக.

இருபத்தேழாம் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் வரைந்தேன். இருபது பெட்டி, பெட்டிக்கு ஐந்து அறை, வலப்பக்க அம்பு, கீழ்ப்பக்க அம்பு. என் கையா என்று எனக்கே ஆச்சரியம், அவ்வளவு சுத்தமாக வந்தது. அடுத்த பக்கத்தில் (ஆ). உறுப்பை நீக்கும்போது வரிசைச் சங்கிலியிலிருந்தும் கழற்ற வேண்டும், பத்திச் சங்கிலியிலிருந்தும் கழற்ற வேண்டும். ஒன்றில் மட்டும் கழற்றிவிட்டு மற்றதில் மறந்தால் அந்த நோட் சாகவில்லை; மற்ற வழியாக வருகிறவர் கண்ணில் படும். இதை நன்றாக விளக்கி எழுதினேன். தங்கையே சபாஷ் என்றிருப்பாள்.

பிறகு (இ). இரண்டு நிமிஷ வேலை என்று நினைத்தேன்.

முழுக் கட்டம்: அறுபத்து நான்கு எண், தலா நான்கு பைட், ஆக இருநூற்று ஐம்பத்தாறு. பட்டியல் முறை: ஒரு நோட்டுக்கு ஐந்து அறை, இருபது பைட். இருபது நோட்டுக்கு நானூறு. தலைமாட்டுப் பாயிண்டர்கள் எட்டும் எட்டும் பதினாறு, அதற்கு அறுபத்து நான்கு. ஆக நானூற்று அறுபத்து நான்கு.

நானூற்று அறுபத்து நான்கை இருநூற்று ஐம்பத்தாறிலிருந்து கழித்து மிச்சத்தைக் காட்ட வேண்டும். பேனா அப்படியே நின்றது. இது மிச்சம் இல்லை, நஷ்டம். இருநூற்று எட்டு பைட் கூடுதல்.

வழக்கமான நானாக இருந்தால் கேள்வி தப்பு என்று அங்கேயே கொடி பிடித்திருப்பேன். ஆனால் போன தடவை பட்ட அடி ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இதே நிச்சயம்தான் எனக்கு. கேள்வித்தாள் சரி, வக்கீல் தப்பு என்றுதானே முடிந்தது? எங்கேயோ எண்ணியதில் தப்பு என்று அந்தக் கணக்கை அடித்துவிட்டு மறுபடி போட்டேன். மேட்ரிக்ஸில் விரல் வைத்து எண்ணினேன், இருபதுதான். பெட்டியில் வரிசை எண்ணும் பத்தி எண்ணும் தேவையில்லையோ என்று அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தேன். பெட்டிக்குப் பன்னிரண்டு பைட், இருபதுக்கு இருநூற்று நாற்பது, தலைமாட்டோடு சேர்த்து முந்நூற்று நான்கு. அப்போதும் அதிகம்தான். தலைமாட்டை விட்டுவிட்டு ஐந்து அறையோடு போட்டாலும் நானூறு. அதையும் அடித்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

கடிகாரம் எனக்கு எதிரே, சுவரில். அதைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்க அதையே பார்த்தேன்.

கைடில் இதற்கு மூணு வரிப் பதில் உண்டு. பூஜ்ஜியங்கள் சேமிக்கப்படுவதில்லை, ஆகவே மெமரி மிச்சமாகிறது. அடியில் இரண்டு கோடு. தங்கை சொன்ன பணிவு இதுதான். சரி, பணிந்து போகிறேன் என்று எழுதினேன்: இருபது எண், தலா நான்கு பைட், எண்பது, மிச்சம் நூற்று எழுபத்தாறு பைட். எழுதிவிட்டுப் பார்த்தேன். இருபது எண் மட்டும் இருக்கிறது, எது எங்கே இருந்தது என்று ஒரு குறிப்பும் இல்லை. வீட்டு நம்பர் இல்லாமல் இருபது கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்ட மாதிரி. இதைப் போய் என் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தி எழுதியிருந்தால் நானே சுழித்திருப்பேன். அதையும் அடித்தேன்.

பக்கங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் அந்த எண்ணம் வந்து தொலைத்தது: கணக்கு தப்பில்லை, படமே தப்பு. வரிசை, பத்திப் பட்டியல் என்று நான் இத்தனை நாள் படித்ததே வேறு எதையோ. ஐந்து அறைப் பெட்டி என்பதே நானாகக் கற்பித்துக்கொண்டது. இல்லையென்றால் ஏன் மிஞ்சவில்லை? மெமரி மிஞ்சத்தானே இந்த முறையையே கண்டுபிடித்தார்கள்? பயம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் தெரியாததாகிவிடுகிறது. இருபத்தேழாம் பக்கத்துக்குத் திருப்பினேன். ஸ்கேல் வைத்து வரைந்த அந்த அழகான படத்தின் மேல், ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே கோடாக இழுத்தேன்.

கோடு போட்ட பிறகு அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுவதற்கு வாயைப் பொத்திக்கொண்டேன். முன்னால் இருந்த வழுக்கைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி திரும்பிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் என் மேசை இழுப்பறையைக் காலி பண்ண வேண்டும் என்று தோன்றியது. அதில் என்னென்ன இருக்கிறது என்றுகூட மனசு எண்ணத் தொடங்கியது.

அந்த நேரத்தில் ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்து, வாசலில் நின்று வருகைத் தாளைக் கேட்டார். கண்காணிப்பாளர் துண்டுத்தாளை நீட்டினார். அந்தப் பெண் முகம் சுளித்து, அச்சடித்த பெரிய தாள் எங்கே என்று கேட்டார். ஹால் அமைதியாக இருந்ததால் கண்காணிப்பாளர் சொன்ன பதில் முழுக்க என் காதில் விழுந்தது.

"ஏழு பேருக்கு எதுக்கும்மா அவ்வளவு பெரிய தாளு? எந்த வரிசை, எந்த இருக்கை, என்ன நம்பர். ஏழு வரில முடிஞ்சது. ஹால் நெறஞ்சிருந்தா இப்படி எழுத முடியுமா? கை ஒடிஞ்சிடும். அப்ப அந்தப் பெரிய தாள்தான் சுலபம், டிக் அடிச்சிட்டுப் போயிடலாம்."

வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஏழு பேர் என்றால் துண்டுத்தாள் லாபம். ஹால் நிறைந்திருந்தால் அதே துண்டுத்தாள் நஷ்டம். ஒவ்வொருத்தருக்கும் முகவரி எழுதுகிற செலவு இருக்கிறதே! அறுபத்து நாலில் இருபது என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அது ஸ்பார்ஸே இல்லை. கேள்வி எடுத்த மகராசன் வரைவதற்குச் சின்னதாக இருக்கட்டும் என்று எட்டுக்கு எட்டு போட்டு, வெறுமையாக இருக்கிறதே என்று கை போன போக்கில் எண்களைத் தூவியிருக்கிறான். எந்த இடத்தில் லாபம் நஷ்டமாகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை.

கேள்வித்தாளில் எழுதக் கூடாதாம், அதனால் மனசுக்குள் போட்டேன். நோட்டுக்கு இருபது, தலைமாட்டுக்கு அறுபத்து நாலு. இரண்டும் சேர்ந்து இருநூற்று ஐம்பத்தாறுக்குள் இருக்க வேண்டும். ஒன்பது எண் இருந்தால் இருநூற்று நாற்பத்து நாலு, பன்னிரண்டு பைட் மிச்சம். பத்து ஆனால் இருநூற்று அறுபத்து நாலு, போச்சு. ஒன்பது வரைதான் லாபம். என் படம் சரி. என் முதல் கணக்கும் சரி. எல்லாமே சரியாக இருந்தது, எல்லாவற்றையும் என் கையாலேயே அடித்துவிட்டேன்.

விடைத்தாளில் கடைசிப் பக்கத்தின் கீழ்ப் பாதி மட்டும்தான் மிச்சம். கையைத் தூக்கி அடிஷனல் ஷீட் கேட்டேன். கீச் கீச்சென்று வந்தவர் கடிகாரத்தைக் காட்டினார். கடைசிக் கால் மணி நேரத்தில் தாள் தரக் கூடாதாம், விதி. எனக்கு நாக்கு அரித்தது, ஆனால் வாதாட நேரம் இல்லை. அடித்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி உண்டா என்று கெஞ்சினேன். கெஞ்சித்தான் கேட்டேன், எனக்கு அதில் வெட்கமில்லை.

அவர் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அடிச்சா அடிச்சதுதாம்மா. அடிச்சத திருத்துங்க, மார்க் போடுங்கன்னு ஒரு வார்த்தை உள்ள எழுதிடாதீங்க. திருத்துறவருக்கு வேண்டுகோள் எழுதுனா மால்பிராக்டிஸ். பேப்பரே செல்லாமப் போயிடும்."

போய்விட்டார். நான் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினேன். இருபது பெட்டிப் படத்தை மறுபடி வரைய இடமும் இல்லை, நேரமும் இல்லை. புரட்டும்போது இருபத்தெட்டாம் பக்கத்தில் நானே எழுதிய வரி கண்ணில் பட்டது. ஒரு வழியில் கழற்றிவிட்டு மற்ற வழியில் மறந்தால் அந்த நோட் சாகவில்லை. மற்ற வழியாக வருகிறவர் கண்ணில் படும்.

கோடு போட்டது ஒரு வழியைத்தான் அடைக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டுகிறவர் தாண்டிப் போய்விடுவார். வேறு வழியாக அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்த முடியுமா? வேண்டுகோள் எழுதக் கூடாது. ஆனால் முகவரி எழுதலாமே. படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்வது பதிலின் ஒரு பகுதிதானே?

கடைசிப் பக்கத்தின் கீழ்ப் பாதியில் கேள்வி எண்ணைப் போட்டு எழுதினேன். (அ) படம்: பக்கம் 27. (ஆ) விளக்கம்: பக்கம் 28. (இ) முழுக் கட்டம் 256 பைட். பட்டியல் முறை 20 × 20 + 16 × 4 = 464 பைட். எனவே இந்த மேட்ரிக்ஸுக்கு மிச்சம் இல்லை. 208 பைட் கூடுதல். 20n + 64 < 256 ஆக இருக்க வேண்டும். எனவே எண்களின் எண்ணிக்கை n ஒன்பதோ அதற்குக் குறைவோ ஆனால்தான் மிச்சம். ஆயிரத்துக்கு ஆயிரம் மேட்ரிக்ஸில் ஐயாயிரம் எண்கள் மட்டும் இருந்தால்: முழுக் கட்டம் நாற்பது லட்சம் பைட், பட்டியல் முறை ஒரு லட்சம், தலைமாட்டுக்கு எட்டாயிரம், ஆக ஒரு லட்சத்து எட்டாயிரம். பூஜ்ஜியங்கள் மிக அதிகமாக இருக்கும்போதுதான் இம்முறை மெமரியை மிச்சப்படுத்தும்.

கடைசி வார்த்தைக்குப் புள்ளி வைக்கும்போது தாள் என் கையிலிருந்து உருவப்பட்டது. கண்காணிப்பாளர் அதை அடுக்கில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த மேசைக்குப் போனார்.

வெளியே வீட்டுக்காரர் பைக் மேல் உட்கார்ந்திருந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. என் கண்ணைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். தங்கையிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்தாள்.

"அக்கா, கணக்கு சரிதான். ஆனா அடிச்ச பக்கத்த யாருக்கா திருப்பிப் பாப்பாங்க? கட்டு கட்டா பேப்பர் கெடக்கும், அவங்களுக்கு நேரம் ஏது?"

அவள் சொன்னதில் பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு வலித்தது. படத்துக்கு எட்டு மார்க். அது இல்லாமல் எப்படிக் கூட்டினாலும் நான் கரை சேரமாட்டேன். கூட எழுதியவர்களின் வாட்ஸப் குழுவில் அந்தக் கேள்வி தப்பு என்று ஒரே புலம்பல். மனு கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தார்கள். கேள்வி மாறாது, கூடுதல் மார்க் கிடையாது என்று பதில் வந்தது. பக்கம் 27 என்று எழுதியதையே வேண்டுகோளாக எடுத்துக்கொண்டு பேப்பரைச் செல்லாமல் ஆக்கிவிடுவார்களோ என்று ஒரு புதுப் பயம் வேறு என்னைப் பிடித்துக்கொண்டது. சாதம் குழைந்தது, குழம்பு அடிப்பிடித்தது, நான் பாட்டுக்கு நின்றேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தை இரண்டு தடவை எடுத்திருக்கிறேன்; மூன்றாவது வரிசைப் பெண் எழுந்து சொன்னபோதுதான் தெரிந்தது. வீட்டுக்காரர் என்னைச் சண்டைக்கு இழுக்க வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பேசிப் பார்த்தார். எனக்கு எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. அதைப் பார்த்து அவர்தான் அதிகம் பயந்தார்.

ரிசல்ட் வந்த அன்று நான் பார்க்கவில்லை. தங்கை பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். ஐம்பது என்றாள். எத்தனைக்கு என்று கேட்டேன். நூற்றுக்கு ஐம்பது, பாஸ் மார்க் அதுதான் என்றாள். பொய் சொல்லாதே என்று அவளிடம் கத்தினேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் நம்பவில்லை. படத்துக்கு மார்க் இல்லாமல் ஐம்பது வர வழியே இல்லை என்பது என் கணக்கு. எங்கேயோ தவறுதலாகக் கூட்டிவிட்டார்கள், நாளைக்கே திருத்தி என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்று தோன்றியது. பணம் கட்டி விடைத்தாள் நகல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். பாஸ் ஆனவள் நகல் கேட்டது இதுவே முதல் தடவை என்று கவுண்டரில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

நகல் உறை பள்ளிக்கூட முகவரிக்கு வந்தது. கம்ப்யூட்டர் லேபில் யாரும் இல்லாதபோது பிரித்தேன். முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். என் அரைப் பக்கக் கணக்குக்குச் சிவப்பில் முழு மார்க். "படம்: பக்கம் 27" என்பதன் கீழே மெல்லிசாக ஒரு கோடு. இருபத்தேழாம் பக்கத்துக்குத் திருப்பினேன்.

நான் மூலைக்கு மூலை இழுத்த கோடு அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில், எட்டுக்கு ஏழு.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதலில் எனக்கு வந்தது கோபம்தான். எதற்கு ஒரு மார்க்கைக் குறைத்தார்? படத்தில் தப்பே இல்லை, எனக்குத் தெரியாதா? வரிசை வரிசையாக விரல் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. பத்தி பத்தியாக இறங்கினேன். ஐந்தாம் பத்தியில் இரண்டாவது பெட்டியிலிருந்து மூன்றாவது பெட்டிக்கு இறங்க வேண்டிய அம்பை நான் போடவே இல்லை. அந்த இடத்தில் சிவப்பு மையில், என் அம்புகளை விடச் சின்னதாக, ஓர் அம்பு இருந்தது.

ஒரு பத்தியில் ஓர் அம்பு விட்டுப்போனது, படத்தை மேலாகப் பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு வரிசைத் தலையையும் பிடித்து நடந்து, ஒவ்வொரு பத்தித் தலையையும் பிடித்து இறங்கி வந்தால்தான் தெரியும். முகம் தெரியாத ஒருவர், கட்டுக் கட்டான தாள்களுக்கு நடுவில், கோடு போட்டு அடித்த ஒரு பக்கத்தில் இருபது பெட்டிக்கும் இரண்டு வழியாகவும் போய் வந்திருக்கிறார். லேபின் நடு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் நகலைக் காட்டினேன். அவருக்குப் பெட்டியும் அம்பும் புரியாது. எட்டுக்கு ஏழு மட்டும் புரிந்தது.

"அந்த ஒரு மார்க்குக்குச் சண்டை போடப் போறியா, வக்கீலு?"

"இல்லீங்க. அந்த அம்பு போடலைன்னா அந்தப் பத்தி பாதியிலயே நின்னுபோயிருக்கும். அவரு கழிச்சதுதான் சரி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நகலைப் பத்திரமாக உறைக்குள் போட்டு, என் சான்றிதழ்கள் இருக்கும் பீரோவில் வைக்கப் போனார்.